அப்பள டின்னுக்கு நடந்த நடை: சமையக்கட்டுல கோடு போட்டுப் பார்த்த அனுபவம்

பிரிக்பீல்ட்ஸ் கடை:
வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன், சின்னது தான். மத்தியானம் தப்பாவ் ஆர்டர் எப்பவும் லேட்டாகும், வெளிய நிக்கிறவங்க மூஞ்சி மாறும். பேக் பண்ற தங்கச்சி மெதுவா செய்யுதுன்னு தான் நானும் சமையல் அண்ணனும் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தோம், ரெண்டு தடவை அத சத்தம் கூட போட்டேன். இப்ப அதுக்கு வருத்தப்படுறேன்.

என் மச்சான் ஃபேக்டரில வேலை செய்றாரு, அவரு தான் சொன்னாரு, ஆள பாக்காத, கால பாருன்னு. சமையக்கட்டு நீளம் 7.2 மீட்டர், அகலம் 4 மீட்டர். டேப் புடிச்சு அளந்து A3 பேப்பர்ல 1 மீட்டருக்கு 5 செண்டிமீட்டர்னு வரைஞ்சேன், அப்படி போட்டா 36க்கு 20 வரும், பேப்பர்ல அழகா உக்காரும். அடுப்பு, சின்க், சோத்து அண்டா, குழம்பு வைக்கிற மேசை, பேக்கிங் மேசை, பிரிட்ஜ், அப்பள டின், பின்வாசல் எல்லாம் எங்க இருக்கோ அங்கயே. முதல்ல அண்ணன்கிட்ட கேட்டு அவரு சொன்ன மாதிரி வழி போட்டேன். எல்லாம் நேர்க்கோடா சுத்தமா வந்துச்சு, அதனாலயே எனக்கு சந்தேகம் வந்துருச்சு. மறுநாள் 12.30ல இருந்து 1.30 வரைக்கும் ஒரு மூலையில நின்னு, அண்ணனுக்கு சிவப்பு, பேக்கிங் தங்கச்சிக்கு நீலம், தட்டு கழுவுற தம்பிக்கு பச்சைன்னு, கால் போற போக்குல பேனாவ எடுக்காம இழுத்தேன்.

நீலக் கோடு தான் பயங்கரம். ஒரு பொட்டலத்துக்கு மேசையில இருந்து சோறு 1.5 மீட்டர், அங்கேர்ந்து குழம்பு 2, குழம்புலேர்ந்து அப்பள டின் 5, திரும்பி மேசைக்கு 4.5. ஆக 13 மீட்டர். அந்த ஒரு மணி நேரத்துல 42 பொட்டலம், 546 மீட்டர். பிளாஸ்டிக் டப்பா வேற முன் கவுண்டர் அடியில இருந்துச்சு, மூணு பொட்டலத்துக்கு ஒரு தடவை போயிட்டு வர 12 மீட்டர், 14 தடவை, அது 168. மொத்தம் 714 மீட்டர். அந்தப் பொண்ணு மெதுவா செய்யல, முக்கா கிலோமீட்டர் கிட்ட நடந்திருக்கு, கையில சூடான குழம்போட.

அப்பள டின்ன பேக்கிங் மேசை மேல அலமாரிக்கு மாத்துனேன், டப்பாவ மேசைக்கு அடியில காலையிலயே நிரப்பி வச்சேன். சோறு, குழம்பு, மேசை, 6 மீட்டர் தான். 42க்கு 252.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, இந்த பிளான நகராட்சிக்கு குடுக்கணுமா? நாங்க லைசென்ஸ் புதுப்பிக்கப் போறோம், இந்த மாதிரி கையில வரைஞ்சா எடுத்துக்குவாங்களா?

பிரிக்பீல்ட்ஸ் கடை:
இல்லக்கா, இது நாம பாக்குறதுக்கு மட்டும். லைசென்ஸ் பிளான் வேற விஷயம், நீங்க வழக்கமா போற ஆளு கிட்டயே கேளுங்க.

செந்தூல் சமையல்:
சமையக்கட்டுக்கு முக்கோணம்னு ஒரு கணக்கு இருக்கு அண்ணே. அடுப்பு, சின்க், பிரிட்ஜ் மூணுக்கும் நடுவுல உள்ள தூரத்த கூட்டுனா 26 அடிக்கு மேல போகக்கூடாது. அத மட்டும் பாத்தா போதும், பேனா, கலர் எல்லாம் எதுக்கு?

பாயான் லெப்பாஸ் லைன்:
அந்தக் கணக்கு நெசம் தான் பிரதர், ஆனா அது வீட்டு சமையலறைக்கு, ஒரு ஆள் நின்னு சமைக்கிறதுக்கு வந்தது. கடையில மூணு பேர் குறுக்க மறுக்க ஓடுறாங்க, இவரோட பிரச்சினையே அந்த முக்கோணத்துக்கு வெளிய தான, அப்பள டின்லயும் டப்பாலயும். நாங்க இத ஸ்பகெட்டி டயகிராம்னு சொல்லுவோம், கோடு எல்லாம் சிக்குன நூல் மாதிரி வரும். 15 வருஷமா அசெம்பிளி லைன்ல இதான் பாக்குறேன்.

நீங்க மொத்த தூரம் பாத்தீங்க, சரி. அதோட ரெண்டு விஷயம் சேருங்க. கோடு எங்க எங்க வெட்டிக்குதுன்னு வட்டம் போடுங்க. எண்ணெய் எடுத்துட்டுப் போறவரும் தட்டு தூக்கிட்டு வர்றவரும் ஒரே இடத்துல சந்திச்சா அது தூரத்த விட ஆபத்து. அடுத்தது, நிக்கிற இடத்துல ஒரு புள்ளி வைங்க. காத்திருக்கிறவங்களுக்கு கோடே வராது, பேப்பர்ல சும்மா நல்ல பிள்ளையா தெரிவாங்க, ஆனா நேரம் அங்க தான் போகும். இன்னொன்னு, ஒரு நாள் பாத்து முடிவு பண்ணாதீங்க, வெள்ளிக்கிழமை கூட்டமும் செவ்வாய் கூட்டமும் ஒண்ணா?

பிரிக்பீல்ட்ஸ் கடை:
அண்ணே நீங்க சொன்னதப் படிச்சிட்டு பழைய பேப்பர எடுத்துப் பாத்தேன். சிவப்பும் பச்சையும் ஒரே இடத்துல, அடுப்புக்கு பின்னால, 11 தடவை வெட்டிருக்கு. தம்பி அழுக்குத் தட்ட பின்வாசல் பக்க சின்க்குக்கு கொண்டு போறப்ப அண்ணன் கொதிக்கிற எண்ணெயோட திரும்புறாரு. போன மாசம் அங்க தான் வழுக்கி விழுந்தான், நான் செருப்ப குறை சொன்னேன்.

இன்னொன்னு சொல்லணும், அப்பளம் தோத்துப் போச்சு. புது அலமாரி சோத்து அண்டாவுக்கு கிட்ட, ஆவி ஏறி ரெண்டாம் நாளே அப்பளம் நமுத்துருச்சு, மூணு கஸ்டமர் திருப்பி குடுத்தாங்க. தூரத்த மட்டும் பாத்து வெச்சா இப்படி தான் ஆகும் போல. இப்ப பெரிய டின் பழைய இடத்துலயே, மேசையில மூடி இறுக்கமான சின்ன டப்பா, அரை மணிக்கு ஒரு தடவை தங்கச்சி போய் நிரப்புது. 9 மீட்டர் ரெண்டு தடவை, 18. 270 மீட்டர் ஆகுது, பரவால்ல, மொறுமொறுன்னு இருக்கு.

ஜார்ஜ் டவுன் மளிகை:
எங்க கடை பழைய கடைவீடு, முன்னால அஞ்சடி, உள்ள குறுகல், பின்னால நீளமா போகும். தராசு முன்னால, பருப்பு மூட்டை பின்னால. இத படிச்சிட்டு நானும் கோடு போட்டேன். மிளகாத்தூள், மஞ்சத்தூள் எல்லாம் கால் கிலோ கால் கிலோன்னு கேப்பாங்க, அதுக்கு தான் ஒவ்வொரு தடவையும் பின்னால போறோம். அரிசி ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தான் போகும், ஆனா அது தான் முன்னால கண்ணுக்கு அழகா அடுக்கி இருக்கு. இடம் மாத்துனா நல்லது தான், ஆனா எங்க அப்பா, அரிசி வாசல்ல தெரியணும், தெரிஞ்சா தான் ஆள் உள்ள வரும்னு சொல்றாரு. அதுவும் தப்புன்னு என்னால சொல்ல முடியல.

பாயான் லெப்பாஸ் லைன்:
அப்பாவ மாத்த வேணாம்லா. நாலு மூட்டை அரிசி வாசல்ல, மிச்சம் பின்னால, தூள் எல்லாம் தராசுக்கு கை எட்டுற தூரம். மாத்துறதுக்கு முன்னாடி தரையில மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாருங்க. 1948ல மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் சமையக்கட்ட மாத்துறப்ப டென்னிஸ் கோர்ட்ல சாக்பீஸ்ல வரைஞ்சு, வேலை செய்றவங்கள அதுல நடக்க விட்டுப் பாத்தாங்க. டேப் 5 வெள்ளி, அலமாரி உடைச்சா 500.

செந்தூல் சமையல்:
சரி, அப்ப பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் அந்த வெட்டிக்கிற இடத்துக்கு என்ன செய்யப் போறாரு? சின்க்க மாத்தலாமே.

பிரிக்பீல்ட்ஸ் கடை:
சின்க்க மாத்தணும்னா தரைய உடைச்சு வடிகால் பைப்பும் கிரீஸ் டிராப்பும் நகத்தணும், வாடகை வீடு, வீட்டுக்காரர் சம்மதிக்கல. அடுப்ப நகத்தலாம்னா மேல புகை உறிஞ்சுற கூண்டு, கேஸ் பைப் ரெண்டும் அங்க தான். இப்போதைக்கு 12.30ல இருந்து 1.30 வரைக்கும் அழுக்குத் தட்டு உள்ள வராது, முன்னால ஒரு தள்ளுவண்டியில சேத்து வச்சு 1.30க்கு மொத்தமா உள்ள போகுது. ஆனா தட்டு பத்தாம போகுது, இன்னும் 40 தட்டு வாங்கணும் போல. வேற யாராவது இப்படி வச்சிருந்தா, அந்த வண்டிய எங்க நிறுத்துறீங்க? சாப்பிடுறவங்க கண்ணுல படாம ஒரு இடம் எனக்கு இன்னும் கிடைக்கல.