அம்மாப்பேட்டை வீட்டார் குழு: சித்தப்பாவின் மௌன விரதம்

மீனா: (படம்: சித்தப்பா கையை நீட்டி, வாயை அகலத் திறந்து பேசுகிறார். கீழே: "வீட்டில் பேசினால் கோட்டை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. ஜூமில் பேசினால் மௌன விரதம்.")

கலா அத்தை: வயிறு வலிக்கச் சிரித்தேன். எப்போது நடந்தது?

மீனா: இன்று காலை, நூல் வியாபாரிகள் கூட்டத்தில். ஜரிகை விலையைப் பற்றி மனத்தில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். ஒருவருக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. சித்தி காப்பித் தம்ளரோடு உள்ளே வந்து, "யாரிடம் இப்படிக் கத்துகிறீர்கள்? எல்லோரும் காதைக் காட்டிக் கையை ஆட்டுகிறார்களே" என்றார். அதுவும் கேமராவில் வந்துவிட்டது.

செந்தில் சித்தப்பா: கேலி இருக்கட்டும். நான் மியூட் போடவே இல்லை. மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு கிடையாது. மியூட்டில் பேசினால் ஜூமே எச்சரிக்கும். எச்சரிக்கவில்லை. ஆகவே கோளாறு அவர்கள் பக்கம்தான்.

பிரபு: பாதி சரி, சித்தப்பா. நீங்கள் பேசுவது ஜூமின் காதில் விழுந்தால்தான் அது எச்சரிக்க முடியும். ஜூமுக்குள்ளேயே போட்ட மியூட் என்றால் குரல் கணினி வரை வரும், வெளியே போகாது. அப்போது எச்சரிக்கை வரும். உங்கள் ஹெட்செட் ஒயரில் சிறு பொத்தான் ஏதாவது இருக்கிறதா?

செந்தில் சித்தப்பா: ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஏதோ நகர்கிறது.

பிரபு: அதுதான். அது நகர்ந்தால் குரல் ஒயரிலேயே நின்றுவிடும். ஜூமுக்கு வருவது வெறும் அமைதி. நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். சிவப்புக் கோடும் வராது, எச்சரிக்கையும் வராது. பேசும்போது மைக் படத்துக்குள் பச்சை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கோடு இல்லாமல் பச்சையும் அசையவில்லை என்றால் முதலில் ஒயரைத் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் ஜூம் வேறு மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

கலா அத்தை: நான் இந்தக் குழுவை 8 மணி நேரம் மியூட் போட்டிருந்தேன். அதனால் அண்ணன் பேசியது கேட்காமல் போயிருக்குமோ?

மீனா: அத்தை, அது உங்கள் போன் மணி அடிக்காமல் இருப்பதற்கு. பாவம், உங்கள் மேல் பழி இல்லை.

செந்தில் சித்தப்பா: சரி பிரபு, மியூட்டில் பேசுவது ஜூமுக்குத் தெரிகிறது என்றால், அது ஒட்டுக் கேட்கிறது என்றுதானே பொருள்?

பிரபு: உங்கள் கணினிக்குள் கேட்கிறது. வெளியே என்ன போகிறது என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். 2022-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தினர் பல செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று, மியூட்டில் இருக்கும்போதும் ஒலி அளவு பற்றிய விவரத்தைத் தன் சர்வருக்கு அனுப்பியது. பேச்சை அல்ல, அளவை. இன்றைக்கு எது எப்படி என்று நான் உறுதி கூற மாட்டேன்.

செந்தில் சித்தப்பா: அப்படியானால் ஒயர்ப் பொத்தானே நம்பகமானது. கூட்டத்தில் என் மானம் போனாலும்.

கலா அத்தை: என் கதையைக் கேளுங்கள். பேத்தியின் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டினேன். முகம் மறைந்தது. கேமரா அணைந்தது என்று நினைத்து, கூந்தலை அவிழ்த்து எண்ணெய் தேய்த்துப் பின்னிக்கொண்டேன். டீச்சர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்.

மீனா: அத்தை!!! இதற்கும் படம் செய்யப் போகிறேன்.

பிரபு: நீங்கள் தட்டியது Hide Self View. அது உங்கள் முகத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும். மற்றவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். கேமரா படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தால்தான் அணைந்ததாக அர்த்தம்.

செந்தில் சித்தப்பா: சித்தி வந்ததை மறைக்க இனி ஏற்காடு ஏரிப் படத்தைப் பின்னணியாக வைத்துவிடுகிறேன். பின்னால் யார் வந்தாலும் தெரியாது.

பிரபு: தெரியும். அது சுவரையும் பீரோவையும் மறைக்கும். மனித உருவம் வந்தால் அதையும் மனிதர் என்று எடுத்துக்கொள்ளும். ஏரியின் நடுவில் சித்தி தம்ளரோடு எழுந்து வருவார்.

மீனா: கதவுக்குத் தாழ்ப்பாள்தான் வழி. 2017-இல் தென் கொரியாவின் புசானிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசி நேரலையில் பேசிக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? சிறுமி கையை வீசி ஆடிக்கொண்டு வந்தாள், பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை. அம்மா வழுக்கியபடி ஓடி வந்து இருவரையும் இழுத்துப் போனார். கெல்லி முகத்தைத் திருப்பாமலே மகளைத் தள்ளிவிடுவதை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

கலா அத்தை: அந்த அம்மாவை வேலைக்காரி என்று பலர் எழுதினார்களே. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. மனைவி என்று பார்த்தவுடனே தெரியவில்லையா?

மீனா: உண்மை, அத்தை. சிரிப்போடு அதுவும் ஊரெல்லாம் பரவியது.

செந்தில் சித்தப்பா: தாழ்ப்பாள் போட்டால் சித்தி கதவைத் தட்டுவாள். அது மைக்கில் கேட்கும்.

பிரபு: ஒயர்ப் பொத்தானை நகர்த்திவிடுங்கள்.

செந்தில் சித்தப்பா: பிறகு திரும்ப நகர்த்த மறந்துவிடுவேனே, தம்பி.