எடை 68 கிலோதான், ஏன் சர்க்கரைப் பரிசோதனை?

புதுவரவு: இங்கிலாந்துக்குப் புதிது. ஜிபி என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு செய்தேன். உடனே சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வரச்சொல்லிக் குறுஞ்செய்தி. எடை 68 கிலோதான். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் என்னைவிடப் பருமன், அவரை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு ஏதாவது இருக்கிறதா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

குளிர்தாங்கி: உங்களை அவர்களே கூப்பிடுகிறார்கள்! நான் வந்த புதிதில் பல்வலியோடு அலைந்தேன், புது ஆளைச் சேர்க்க ஒரு பல் டாக்டரும் இல்லை. அந்தக் குளிர்காலத்தை மறக்கவே முடியாது.

மாடிவீடு: என்.எச்.எஸ். ஹெல்த் செக் 40 வயதுக்கு மேல்தான். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 25-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடுங்கள்.

சோதனைக்கூடம்: 40 என்பது பொதுவான அழைப்புக்கு. தெற்காசியர்களுக்கு 25 வயதிலிருந்தே, பிஎம்ஐ 23-ஐத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்பது இங்கே மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பின் பரிந்துரை. வயதும் உயரமும் சொல்லுங்கள்.

குளிர்தாங்கி: ஹீட்டர் பில்லைப் பார்த்தாலே சர்க்கரை ஏறும்.

மாடிவீடு: அது சரி. ஆனால் ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றுவது பாரபட்சம் இல்லையா?

புதுவரவு: வயது 34, உயரம் 168 செ.மீ.

சோதனைக்கூடம்: அப்படியானால் பிஎம்ஐ 24.1. கூப்பிட்டது முறைதான், நோய் இருப்பதாக அர்த்தமில்லை. பாரபட்சமும் இல்லை. 2021-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், வெள்ளையருக்குப் பிஎம்ஐ 30-இல் இருக்கும் சர்க்கரை அபாயம் தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிட்டது. ஒரே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்கிறது. அங்கே சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாது. ஈடுகட்ட இன்சுலின் சுரக்கும் திறனும் நமக்குச் சீக்கிரம் தளர்கிறது. எடை மெஷினில் இதெல்லாம் தெரியாது. இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

மாடிவீடு: பரம்பரையா, இல்லை தாய் வயிற்றிலேயே வந்ததா?

சோதனைக்கூடம்: இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள், சண்டை ஓயவில்லை. புதுவரவு, எடுப்பது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யாகத்தான் இருக்கும், வெறும் வயிற்றில் போக வேண்டாம். ரிப்போர்ட்டில் 48 என்று வந்தால் பயந்து நிற்காதீர்கள், ஊரில் சர்க்கரை நோய்க்கான அளவு என்று சொல்லும் 6.5 சதவீதம்தான் அது, அலகுதான் வேறு. 42 முதல் 47 வரை என்றால் எல்லைக்கோடு. 48-ஐத் தொட்டாலும், அறிகுறி இல்லையென்றால் இன்னொரு முறை எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாவோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். இரும்பு குறைந்தால் இந்த எண் பொய்யாக ஏறும், தலசீமியாவிலும் நம்ப முடியாது. அப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பார்கள்.

புதுவரவு: சின்ன வயதில் ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிட்டேன். அதையும் சொல்லவா?

சோதனைக்கூடம்: சொல்லுங்கள். இரும்பு அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.