லிங்க்ட்இன் அபவுட்டில் ‘நான்’ என்று எழுதுவதா, பெயர் போட்டு எழுதுவதா?

மெல்போர்ன் புதுவரவு: வந்து ஏழு வாரம் ஆகிறது. குவான்டிட்டி சர்வேயர் வேலை தேடுகிறேன். ஊரில் பழைய கம்பெனி டெண்டருக்காக எழுதிய குறிப்பையே அபவுட்டில் போட்டிருக்கிறேன்: “திரு. முருகேசன் 9 வருட அனுபவமுள்ள கடின உழைப்பாளி…” என்று போகும். அறைத் தோழர் எல்லாவற்றையும் ‘ஐ’ என்று மாற்றச் சொல்கிறார். நான் நான் என்று எழுதினால் தற்பெருமையாகத் தெரியாதா?

சிட்னிவாசி: உடனே மாற்றுங்கள். வெளிநாட்டில் பெயர் போட்டு யாருமே எழுதுவதில்லை.

பழைய ரெக்ரூட்டர்: யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. கம்பெனி இணையதளத்தின் ஊழியர் பக்கம், கருத்தரங்க அறிமுகம் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அங்கே இன்னொருவர் உங்களைப் பற்றிப் பேசுகிறார், மேடையில் அப்படியே வாசித்துவிடலாம். நம் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று தெரியாதவர்களுக்கும் ‘ஹி’, ‘ஷி’ சொல்லிவிடும். ஆனால் லிங்க்ட்இன் உங்கள் சொந்தப் பக்கம், எழுதியது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ‘கடின உழைப்பாளி’ என்று அடுத்தவர் குரலில் சொல்வதுதான் தற்பெருமை. ‘நான்’ என்று ஆரம்பித்தால் அந்தச் சொல்லை எழுதவே கை கூசும், செய்த வேலையைச் சொல்லத் தோன்றும்.

அப்புறம் ஒன்று, முருகேசன் யார்?

மெல்போர்ன் புதுவரவு: என் அப்பாதான் அக்கா. பாஸ்போர்ட்டில் சர்நேம் அதுதான்.

பழைய ரெக்ரூட்டர்: பார்த்தீர்களா, பத்தி முழுக்க அப்பாவுக்கு வேலை கேட்டிருக்கிறீர்கள்!

பிரிஸ்பேன் தம்பி: எனக்கு ரெஸ்யூமேயில் ‘ஐ’ போடவே கூடாது என்றார்களே?

பழைய ரெக்ரூட்டர்: அது வேறு தம்பி. ரெஸ்யூமேயில் இரண்டுமே வராது, நேராக வினைச்சொல்லில் தொடங்குவார்கள். அபவுட்டில் முழு வாக்கியம் வேண்டும். தமிழில் ‘செய்தேன்’ என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாது, அதனால்தான் வரிக்கு வரி ‘ஐ’ குவிகிறது. சில வாக்கியங்களை வேலையின் பெயரிலோ இடத்திலோ தொடங்கினால் குறையும்.

மொத்தம் 2,600 எழுத்துவரை இடம் இருந்தாலும் முதல் சில வரிகள்தான் விரிக்காமல் தெரியும். பெயரும் பதவியும் மேலேயே இருக்கும்போது அந்த வரிகளை மறுபடி அதற்கே செலவழிக்காதீர்கள். இப்படித் தொடங்கலாம்: “திருச்சியில் 120 படுக்கை மருத்துவமனைக்கு அளவுப் பட்டியல் தயாரித்தேன். கம்பி அளவில் இருந்த பிழையை டெண்டருக்கு முன்பே பிடித்தேன்.” நீங்கள் செய்த வேலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெல்போர்ன் புதுவரவு: அந்த மாதிரி வேலையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தோம். ‘நான்’ என்றால் பொய்யாகாதா?

பழைய ரெக்ரூட்டர்: மூன்று பேர் குழு, கம்பிக் கணக்கு என் பங்கு என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ‘வீ’ போட்டால் இன்டர்வியூவில் முதல் கேள்வியே “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றுதான் வரும்.

பெர்த் கணக்காளர்: நான் தனியாகத் தொழில் செய்கிறேன். பெயர் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன், வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். மாற்றுவதாக இல்லை.

மெல்போர்ன் புதுவரவு: சரி, இன்றிரவு அப்பாவை எடுத்துவிடுகிறேன்.