சார்ட்டை ஏன் மாற்றினேன் என்று மெயில் எழுத வேண்டும், உதவுங்கள்

நிலா: மாலைக்குள் அனுப்ப வேண்டும். மீட்டிங்கில் வந்த கருத்தைக் கேட்டு மாத அறிக்கையில் ஒரு சார்ட்டை மாற்றிவிட்டேன். பழையதைப் போட்டவர் கூட வேலை செய்யும் சீனியர். அவருக்கு எழுதினால் மூன்று பத்தி போகிறது, படித்தால் குறை சொல்வதுபோல் இருக்கிறது.

கதிர்: என்ன சார்ட், யார் என்ன சொன்னார்கள்? அதைச் சொல்லாமல் எப்படி?

பழையவன்: இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டியது. மாற்றுவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

அமுதன்: அச்சு பூஜ்யத்தில் தொடங்கியிருக்காது. எல்லாச் சண்டையும் அங்கேதான் வரும்.

நிலா: மன்னிக்கவும். புகார் எண்ணிக்கை இடது அச்சில், 0 முதல் 500. தீர்க்க ஆன நாள் வலது அச்சில், 3 முதல் 4.5. ஜனவரியிலிருந்து டிசம்பருக்குள் புகார் 410இலிருந்து 300 ஆனது, நாள் 3.1இலிருந்து 4.2 ஆனது. இரண்டு கோடும் டிசம்பருக்குச் சற்று முன் வெட்டிக்கொண்டன. மேலாளர் “அந்த மாதம் என்ன நடந்தது?” என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒரே மாத வரிசையில் மேலும் கீழுமாக இரண்டு சார்ட்.

செல்வி: நானும் போன வாரம் நிறத்தை மாற்றினேன், யாரும் விளக்கம் கேட்கவில்லையே.

கதிர்: இது நிறம் இல்லை, செல்வி. நிலா, வலது அச்சை 0 முதல் 10 என்று வைத்துப் பாருங்கள், அந்த வெட்டு காணாமல் போகும். எண் மாறவில்லை, அளவுகோல்தான் அந்தப் புள்ளியை உண்டாக்கியது. மெயிலில் இதை மட்டும் சொல்லுங்கள், ஆனால் முதல் வரியிலேயே எண்கள் மாறவில்லை என்று சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவருக்கு முதலில் வரும் பயம் அதுதான். இப்படி:

“எண்கள் எதுவும் மாறவில்லை. கோடுகள் வெட்டும் இடத்தில் ஏதோ நடந்ததாக மீட்டிங்கில் படித்துவிட்டார்கள். இரண்டு அச்சின் அளவும் வேறு என்பதால் வந்த தோற்றம் அது. அதனால் இரண்டாகப் பிரித்தேன். பழைய சார்ட்டையும் இணைத்திருக்கிறேன். உங்களுக்கு வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.”

‘தவறான சார்ட்’ என்று எங்கும் வர வேண்டாம். யார் எப்படிப் படித்தார் என்பதை எழுதினால் போதும்.

அமுதன்: நான் சொன்னதுதானே! வலது அச்சு 3இல் தொடங்கியது.

கதிர்: பாதி சரி. பட்டை என்றால் பூஜ்யம் வேண்டும், அதன் நீளத்தைத்தான் படிக்கிறோம். கோட்டுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. இரண்டு அச்சும் பூஜ்யத்தில் தொடங்கினாலும், வலதை 6இல் முடித்தால் கோடுகள் மறுபடி வெட்டும்.

அமுதன்: கோட்டுக்கும் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். 3.1இலிருந்து 4.2 என்பது அடியிலிருந்து உச்சிக்குப் போனதாகவா தெரிய வேண்டும்?

பழையவன்: இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

நிலா: அனுப்பிவிட்டேன். “எண்கள் சரி, பிரித்ததும் சரி, ஆனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு இப்போது தெரியவில்லையே” என்று பதில் வந்திருக்கிறது. நாளை உட்கார்ந்து பேசுகிறோம்.