பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ.: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி மகள்

அப்பாவுக்கு 74 வயசு. 2016-ல கோயம்புத்தூர்ல பேஸ்மேக்கர் வெச்சது, ரெண்டு லீட். இப்போ இடுப்பு வலி காலுக்கு இறங்கி, பாதம் மரத்துப் போகுது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். கீழே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். "பேஸ்மேக்கர் இருக்கா, எடுக்க மாட்டோம்"னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கேயுமே முடியாதா, இல்ல அந்த சென்டர்ல மட்டும்தான் முடியாதா? யாராவது எடுத்திருந்தா சொல்லுங்க. கார்டு கையில இருக்கு. கடைசி செக்கப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்போ பேட்டரி ஒன்றரை வருஷம் வரும்னாங்க. இன்னொண்ணு, ரோட்டுல இருந்து வீட்டுக்கு ஏறுற மேட்டுல ஒரு மாசமா நின்னு நின்னு மூச்சு வாங்குறார். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்.

லவ்டேல் அத்தை

எம்.ஆர்.ஐ. கூடவே கூடாதும்மா. அந்தக் காந்தம் பெட்டியைப் பிடிச்சு இழுத்துடும். எங்க வீட்டுக்காரருக்கு வெச்சப்பவே டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். சி.டி.யும் வேண்டாம், அதுவும் கதிர்தானே? எக்ஸ்ரேயோட நிறுத்திக்கோங்க. போனை இடது சட்டைப் பையில போட விடாதீங்க, வலது காதுல வெச்சுப் பேசச் சொல்லுங்க.

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

போன் விஷயத்தில் அத்தை சொன்னது சரி. பெட்டி இடது பக்கம் இருந்தால் வலது காது, பெட்டிக்கும் போனுக்கும் 15 செ.மீ. இடைவெளி, அவ்வளவு போதும். சி.டி.க்குப் பயப்பட வேண்டாம். கதிர் நேராகப் பெட்டி மேலேயே நின்றால் ஒரு நொடி தவறாக உணரலாம். இடுப்பு ஸ்கேனில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் நரம்பு நசுங்கியிருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற அளவுக்கு சி.டி.யில் தெரியாது. டாக்டர் அதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கும்.

"கூடவே கூடாது" என்பது பழைய பெட்டிகளுக்குச் சொன்னது. இப்போது வருகிற பெரும்பாலான பெட்டிகள் நிபந்தனையோடு எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடியவை. காந்தம் பெட்டியை இழுப்பது பெரிய ஆபத்தே இல்லை. லீட் ஒரு நீளமான கம்பி. ஸ்கேனரின் ரேடியோ அலையில் அதன் நுனி சூடாகி, இதயச் சதையில் ஒட்டியிருக்கிற இடத்தைப் பாதிக்கலாம். அடுத்தது, ஸ்கேனர் போடுகிற மின் சத்தத்தை "இதயமே துடிக்கிறது" என்று பெட்டி எடுத்துக்கொண்டு, துடிப்பு கொடுப்பதை நிறுத்திவிடலாம்.

அதனால் பெட்டி மட்டும் சரியாக இருந்தால் போதாது. பெட்டியும் இரண்டு லீட்டும் சேர்ந்து கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். கார்டில் மூன்று மாடல் எண்கள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கார்டுகளில் பெட்டி எண் மட்டும் இருக்கும், லீட் இடம் காலியாக இருக்கும். அப்படியென்றால் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். லீட் எண்ணுக்குப் பின்னால் 52, 58 என்று வருவது நீளம், செ.மீ. கணக்கு. அந்த நீளத்தையும் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள், அதை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

அப்புறம், ஸ்கேனைவிட அந்த மூச்சு வாங்குகிற விஷயம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. பெட்டி எந்தக் கம்பெனி? பழைய செக்கப் பேப்பரில் Lower Rate, அதாவது பெட்டி நாடியை அதற்குக் கீழே இறங்க விடாத வேகம், எவ்வளவு என்று போட்டிருக்கிறது?

கோத்தகிரி மகள்

மெட்ரானிக் ஐயா. Lower Rate 60-ன்னு இருக்கு. மேல DDDR-னு போட்டிருக்கு.

எடப்பள்ளி, கேரட் தோட்டம்

இடையில ஒரு கேள்வி. எனக்கும் பெட்டி இருக்கு. காந்தம் வெச்சா நாடி வேகம் மாறும், அதை வெச்சு பேட்டரி கண்டுபிடிக்கலாம்னு சொல்றாங்க. செக்கப்புல எனக்கு வட்டக் காந்தம் வெச்சாங்க, நாடி கொஞ்சமும் மாறல. அப்போ பேட்டரி தீர்ந்துடுச்சா? காட்டுமாடுக்கு சோலார் வேலி போட்டிருக்கேன், அது பக்கத்துல போறதாலயா?

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

உங்கள் கார்டில் ICD என்று இருக்கிறதா?

எடப்பள்ளி, கேரட் தோட்டம்

ஆமாங்க. ஷாக் கொடுக்குற பெட்டின்னு சொன்னாங்க.

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

அப்படியானால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேஸ்மேக்கர் மேல் காந்தம் வைத்தால் அது இதயத்தைக் கவனிக்காமல் ஒரே சீரான வேகத்தில் துடிப்பு கொடுக்கும். ஷாக் பெட்டி மேல் வைத்தால் துடிப்பு வேகம் மாறாது. ஷாக் கொடுக்கிற வேலை மட்டும் காந்தம் இருக்கிற வரை நின்றுவிடும். அதனால் உங்களுக்குக் காந்தம் இன்னும் கவனமான விஷயம். சட்டைப் பையில் காந்த மூடி போட்ட போன் கவர், ஸ்பீக்கர், எதுவும் வேண்டாம்.

வேலியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நில்லுங்கள். வேலியைச் சரிசெய்யும்போது மெயின் பாக்ஸை அணைத்த பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். வேலி ஒவ்வொரு நொடியும் விட்டு விட்டு அடிக்கிறது. உடம்பு வழியாகப் போனால் ஷாக் பெட்டி அதை வேகத் துடிப்பு என்று நினைக்க வாய்ப்பு உண்டு.

கோத்தகிரி மகளுக்கு: இதைச் செய்யுங்கள். அப்பா பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, செகண்ட் முள் உள்ள கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணுங்கள். பதினைந்து செகண்ட் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், அதில் 60-க்கும் 65-க்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் அவரால் முடிகிற அளவு மட்டும் மேட்டில் ஏறி இறங்கச் சொல்லி, உடனே இன்னொரு நிமிஷம் எண்ணுங்கள்.

மஞ்சூர் தம்பி

வீட்டுலயே காந்தம் வெச்சுப் பார்த்தா பேட்டரி தெரிஞ்சுடும் இல்லைங்களா? பழைய ஸ்பீக்கர்ல இருக்கே. ஐபோன் 12-க்கு மேல பின்னாடியே காந்த வளையம் இருக்கு, அதையே வெச்சா?

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

வேண்டாம் தம்பி. அந்தப் போன் நெஞ்சோடு ஒட்டினால் பெட்டி காந்த வேகத்துக்குப் போகக்கூடும் என்பது நிஜம்தான். எடுத்தவுடன் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் 15 செ.மீ., கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறது கம்பெனி. ஆனால் காந்தச் சோதனையை ஈ.சி.ஜி. ஓடும்போதுதான் செய்ய வேண்டும். வேகமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மெட்ரானிக்கில் நல்ல பேட்டரிக்கு 85, மாற்ற வேண்டிய நேரம் வந்தால் 65. பாஸ்டன் சயின்டிஃபிக்கில் 100-லிருந்து 90, பிறகு 85. ஒன்றில் நல்லது என்கிற எண் இன்னொன்றில் மாற்ற வேண்டிய எண். அதைத் தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

கோத்தகிரி மகள்

எண்ணிட்டேன் ஐயா. உட்கார்ந்திருக்கும்போது 65. மேட்டுல பாதி ஏறி இறங்கினதும் 65. நானும் தம்பியும் தனித்தனியா எண்ணினோம், ரெண்டு பேருக்கும் அதேதான். முன்னெல்லாம் ஏறினா 90-க்கு மேல போகும்னு பழைய பேப்பர்ல கிராஃப் இருக்கு. கழுத்துல ஏதோ தட்டுற மாதிரி இருக்குன்னும் சொல்றார்.

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

அப்படியென்றால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இந்தக் கம்பெனிப் பெட்டி அந்த எல்லையைத் தொட்டதும், மிச்சக் கரண்ட்டைச் சேமிக்க, பேப்பரில் உள்ள DDDR மோடை விட்டு, தானாகவே VVI 65 என்ற மோடுக்கு மாறும். இதயத்தின் மேல் அறை லீட்டை விட்டுவிட்டு, கீழ் அறைக்கு மட்டும் 65-ல் துடிப்பு கொடுக்கும். நடந்தாலும் ஏறினாலும் வேகம் அதிகமாகாது. மேல் அறையும் கீழ் அறையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல் துடிப்பதால்தான் மூச்சு வாங்குவதும் கழுத்தில் தட்டுவதும். உங்கள் Lower Rate 60 என்று இருந்ததால்தான் 65 என்பது கண்ணில் படுகிறது. 65-லேயே வைத்திருந்தால் உட்கார்ந்து எண்ணியதில் ஒன்றும் புரிந்திருக்காது.

இந்த மாற்றத்திலிருந்து சுமார் 3 மாதம் கிடைக்கும். உங்கள் கணக்கில் ஒரு மாதம் போய்விட்டது. இந்த வாரமே போங்கள். போகும்முன் போன் செய்து, அந்தக் கம்பெனி ஆள் புரோகிராமர் மெஷினோடு வருகிற நாளைக் கேளுங்கள். ஒரு கம்பெனி மெஷின் இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு பேசாது. மலையிலிருந்து இறங்கிப் போய், ஆள் இல்லை என்று திரும்பி வருவது இங்கே அடிக்கடி நடக்கிறது. நடுவில் தலை சுற்றி விழுந்தாலோ மயங்கினாலோ தேதி பார்க்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

கோத்தகிரி மகள்

அப்போ எம்.ஆர்.ஐ.யை முதல்ல முடிச்சுட்டு பெட்டி மாத்தக் கூடாதா? ஒரே தடவையா கீழே இறங்கலாமேன்னு கேட்டேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

இந்த நிலையில் பெட்டியை எம்.ஆர்.ஐ. மோடில் போட விடாது, அல்லது போடக் கூடாது. ஸ்கேன் நடக்கிற அரை மணி நேரம் பெட்டியை, எதையும் கவனிக்காமல் சீராகத் துடிக்க வைக்கிற மோடுக்கு மாற்றுவார்கள். அதற்குப் பேட்டரி ஆயுள் எல்லைக்குள் இருக்க வேண்டும். ஆகவே பெட்டிதான் முதலில்.

இங்கேதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். பெட்டி மாற்றும்போது லீட்டைத் தொட மாட்டார்கள், பழைய லீட்டிலேயே புதுப் பெட்டியைச் செருகுவார்கள். வேறு கம்பெனிப் பெட்டியை மாட்டிவிட்டால் அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பட்டியலில் அந்தச் சேர்க்கை இருக்காது, எம்.ஆர்.ஐ. கதவு மூடிவிடும். "பழைய லீட்டோடு சேர்ந்து எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடிய பெட்டிதானே?" என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

லவ்டேல் அத்தை

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு லீட் உடைஞ்சு, அதை உள்ளேயே விட்டுட்டு புதுசு போட்டாங்க. அப்போ அவருக்கு?

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

பெட்டியோடு இணையாமல் உள்ளே கிடக்கிற லீட் இருந்தால் பெரும்பாலான சென்டர்கள் எடுக்க மாட்டார்கள். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இதய டாக்டர் பக்கத்தில் நின்று, வேறு வழியில்லாதவர்களுக்கு எடுக்கிறார்கள். ஓரிடத்தில் சரி என்பார்கள், அடுத்த இடத்தில் மறுப்பார்கள். எனக்கு அதில் ஒரே பதில் இல்லை அத்தை.

எடுக்கிறவர்களுக்கு ஒன்று: ஸ்கேன் முடிந்ததும் பெட்டியைப் பழைய மோடுக்குத் திருப்பினார்களா என்று பாருங்கள். சில மாடல் தானாகத் திரும்பும், சிலது ஆள் வந்து மாற்றினால்தான். ஸ்கேனுக்கு முன் ஒரு பிரிண்ட், பின் ஒரு பிரிண்ட் கேட்டு, மேலே உள்ள மோடு எழுத்து இரண்டிலும் ஒன்றா என்று ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கோத்தகிரி மகள்

வெள்ளிக்கிழமை ஆள் வர்றாராம், போறோம். அதுவரைக்கும் இடுப்புக்கு பிசியோதெரபி போய்ட்டு இருக்கார். ஏதோ தட்டு வெச்சு உள்ளே சூடு ஏத்துறாங்க, அது பரவாயில்லையா?

குன்னூர், ஓய்வுபெற்ற கேத்லேப் டெக்னீஷியன்

டயதெர்மியா என்று இன்றைக்கே கேளுங்கள். அதுதான் என்றால் நாளைக்குப் போக வேண்டாம். அந்த அலையும் லீட் நுனியைச் சூடாக்கும், இடுப்பில் வைத்தாலும் சரி. தசையில் ஒட்டி மின்சாரம் விடுகிற மெஷினும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுங்கள், பாதம் மரத்திருப்பதால் காலில் மட்டும் வைக்காதீர்கள்.