ஊடுமறைப்பா, முன்பின்மறைப்பா? ஏழாம் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கயல்விழி:
வணக்கம். கோடம்பாக்கம் மாலை வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு புகைப்படங்களைக் கணினியில் லேயர் லேயராக அடுக்கி ஒன்றாக்கும் ஏழாம் பாடத்தில் ஒரு சொல் இடிக்கிறது. காலி மேசை ஒரு படம்; நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் இன்னொரு படம். அவரை மேசைக்குப் பின்னால் உட்கார வைக்க வேண்டும். மேசை லேயரை மேலே வைத்தால் கைகள் காணாமல் போகின்றன. ஆளை மேலே வைத்தால் மேசைக்கு முன்னால் வந்துவிடுகிறார். ஒரே உடம்பில் வயிறு மேசைக்குப் பின்னால், கை பலகைக்கு மேல், கால் பலகைக்குக் கீழே. இதற்கு என்ன சொல்வது?

திருவேங்கடம்:
அம்மா, தறியில் இருக்கிறது விடை. பாவு நூலுக்கு மேலும் கீழுமாக ஊடை ஓடுகிறதல்லவா? ஆகவே ‘ஊடுமறைப்பு’. ‘ஊடு’ என்றால் நடுவே என்பதும் பொருள். மருதத்திணையின் ஊடலும் இந்த வேரில் கிளைத்ததே என்பது என் கருத்து. இருவருக்கு இடையே ஒன்று புகுவதுதானே ஊடல்.

சண்முகம்:
ஐயா, ஊடலை எடுத்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். ‘மறைப்பு’ என்றாலே போதும். செய்முறையும் எளிது: மணிக்கட்டோடு கையை வெட்டித் தனி லேயராக மேசைக்கு மேல் வைத்தால் முடிந்தது.

பஷீர்:
சண்முகம் சார், மேலே கொண்டுவர வேண்டும் என்பது சரி. வெட்டுவதில்தான் வம்பு. அப்புறம் ஆளை நாலு சதவீதம் பெரிதாக்கினால் வெட்டின கை அங்கேயே நிற்கும். அமைந்தகரையில் ஆல்பம் போடும் நாங்கள் ஆளை வெட்டுவதில்லை. ஆள், அதற்கு மேல் மேசையின் நகல், அதற்கும் மேல் அதே ஆளின் நகல். மேல் நகலை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கை மட்டும் தெரிய அதில் வெள்ளை தீட்டுவோம். ஆள் லேயர் இரண்டையும் இணைத்துவிட்டால் சேர்ந்தே நகரும்.

பலகைமேல் கிடக்கும் விரல்களின் ஓரத்தில்தான் தூரிகை சுத்தமாக ஓட வேண்டும். மேசையின் பின்விளிம்பைத் தாண்டி மேலே வெள்ளை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. கீழ் லேயரிலும் அதே சட்டைக் கைதான் இருக்கிறது. ஆனால் சட்டைக்குள்ளேயே முடியட்டும். ஓரத்தைத் தொட்டால் இரண்டு நகலும் சேர்ந்து அங்கே கோடு தடிக்கும்.

மேசை நகலில் பலகைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தையும் அழிக்க வேண்டும். மாணவர்கள் மறப்பது இதைத்தான். காலே இல்லாமல் ஆள் உட்கார்ந்திருப்பார். நாற்காலியை ஆளோடு சேர்த்தே வெட்டுங்கள். முதுகுச் சாய்வு பின்னால், முழங்கால் நாற்காலிக் காலுக்கு முன்னால் என்ற வரிசை கேமராவிலேயே சரியாகிவிட்டது.

பழனி:
நல்ல தலைப்பு. அப்பாவின் பழைய படத்தை அண்ணன் கல்யாண போட்டோவில் சேர்க்க ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை மேசைக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தார்கள். மேசை அவர் நெஞ்சுவரை வந்துவிட்டது. முடியை எப்படி அழகாக வெட்டுவது?

பஷீர்:
பழனி அண்ணே, முடி வேறு பாடம். ஆனால் நெஞ்சுவரை வந்தது அளவுப் பிழை. மேசை ஏறக்குறைய 75 செ.மீ., நாற்காலி இருக்கை 45. படத்தில் மேசையின் உயரம் 300 பிக்சல் என்றால் இருக்கை தரையிலிருந்து 180. நாற்காலி இன்னும் உள்ளே தள்ளி இருப்பதால் அதைவிடக் கொஞ்சம் குறையும். அதுவும் சரியாக இருந்து பொருந்தவில்லையா, கேமரா உயரம் வேறு. பலகையின் மேற்பரப்பு அகலமாகத் தெரிந்து, ஆளின் தொடை மட்டும் நேர்ப்பார்வையில் இருந்தால் எந்த மாஸ்க்கும் காப்பாற்றாது. வேறு படம் எடுக்க வேண்டியதுதான்.

கயல்விழி:
எங்கள் மாதிரிப் படத்தில் எல்லாம் பொருந்தியும் கை மிதக்கிறது, பஷீர்.

பஷீர்:
நிழல் இல்லை. மேசை நகலுக்கும் கை நகலுக்கும் நடுவில் ஒரு லேயர், கீழே இருப்பதைக் கறுக்கச் செய்யும் மல்டிப்ளை முறையில். உள்ளங்கை தொடும் இடத்தில் அடர்த்தி, வெளியே போகப் போக மங்கல். தொடையும் பலகையின் நிழலில்தான் இருக்கும். அதையும் கறுக்க வையுங்கள்.

சண்முகம்:
அந்த லேயரும் நடுவில்தான் புகுகிறது. அப்படியானால் ‘ஊடு’ பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஊடுமறை’ என்று சுருக்காதீர்கள். மறை என்றால் வேதம். அச்சில் ரகரம் விழுந்தால் ஆணியில் சுற்றும் மரை. ‘முன்பின்மறைப்பு’ என்றால் மாணவனுக்குக் கேட்டதும் புரியும்.

திருவேங்கடம்:
கேட்டதும் புரிய வேண்டுமென்றால் கலைச்சொல் எதற்கு? மேலும் ‘லேயர்’ என்று எழுதிக்கொண்டு ஊடுமறைப்பைப் பற்றி வாதிடுவது எனக்கு விளங்கவில்லை. ‘அடுக்கு’ இருக்கிறதே.

பஷீர்:
ஐயா, கடையில் ‘கையை மேல எடு’ என்போம். பையன் செய்துவிடுவான்.

கயல்விழி:
நன்றி. தலைப்பில் ‘ஊடுமறைப்பு’, முதல் வரியில் ‘முன்னும் பின்னும் மறைவது’ என்று போகிறது. திரையில் பார்ப்பது ‘லேயர்’ என்பதால் அது அப்படியே இருக்கும். பழனி அண்ணா, முடிக்குத் தனி இழை தொடங்குங்கள்.

திருவேங்கடம்:
‘லேயர்’ பற்றிய என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். ஊடை பற்றிய நீண்ட மடல் நாளை வரும்.