புதுப்பிப்பு: ஏற்காடு காபி கூட்ட உரை

நான் முன்பு கேட்டது இது: "மொழிபெயர்த்த உரை தாளில் நன்றாக இருக்கிறது, மைக்கில் வாசிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது. எங்கே வெட்டுவது?"

கூட்டம் நேற்று முடிந்தது. வாசிக்கும்போது சிக்கிய வாக்கியம், காய்த்துளைப்பான் என்ற காபிப் பூச்சியைப் பற்றியது: "அறுவடைக்குப் பின் செடியிலும் தரையிலும் மிஞ்சிய பழங்களைப் பொறுக்கிப் போடாத தோட்டங்களில் பெருகும் காய்த்துளைப்பான் அடுத்த பருவத்தையும் தாக்கும்." யார் என்ன செய்கிறார் என்பது தெரியவே கடைசிவரை காத்திருக்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது என்றார் ஒருவர். அப்படியே வெட்டினால் தந்தி மாதிரி ஒலித்தது. சேலம் வானொலி அனுபவம் உள்ள அக்கா சொன்னதுதான் உதவியது: வினைமுற்றை முன்னால் கொண்டுவாருங்கள், 'பழங்களைப்' என்று ஒற்று நிற்கும் இடத்தில் மூச்சுக் கோடு போடாதீர்கள், நாக்கு அடுத்த சொல்லுக்குப் போய்விடும்.

ஒற்றைக் கோட்டில் சிறு மூச்சு, இரட்டைக் கோட்டில் நீண்ட மூச்சு என்று வைத்து இப்படி ஆனது: "அறுவடை முடிந்ததும் / மிஞ்சிய காய்களை எடுத்துவிடுங்கள். // செடியில் இருப்பதையும் எடுங்கள், / தரையில் கிடப்பதையும் எடுங்கள். // துளைப்பான் அதில்தான் பெருகும். // அடுத்த பருவத்தையும் தாக்கும்."

'பழங்களைப் பொறுக்கிப் போடாத' மைக்கில் பட் பட்டென்று வெடித்தது, அதனால்தான் 'காய்', 'எடு'.

கல்யாண வரவேற்புரைக்கும் இது பொருந்துமா என்று கேட்ட அண்ணா, மணமக்கள் பெயர் பட்டியலை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எண்களை எழுத்தால் எழுதுவதா என்பதிலும் அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.